ட்ராப் பாரா, நேர் பாரா? நாங்கள் அளக்காமல் விட்ட உயரம்

என் அக்காவின் மகனுக்கு வயது 19. உயரம் ஆறடி இரண்டு அங்குலம், அதாவது 188 சென்ரிமீற்றர். ஊர்க் கழகத்துக்குக் கரப்பந்து விளையாடுகிறான். இன்னும் கொஞ்சம் உயரமாகப் பாய வேண்டும், அதற்குக் காலில் பலம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போன சித்திரை மாதம் என்னோடு ஜிம்முக்கு வரத் தொடங்கினான். நிலத்தில் கிடக்கிற எடைப் பாரைப் பிடித்து நிமிர்ந்து தூக்குகிற டெட்லிஃப்டைப் பதினொரு வருடமாகச் செய்கிறவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தேன். பாதத்தின் நடுவுக்கு மேலே பார் இருக்க வேண்டும், கணைக்கால் பாரைத் தொட வேண்டும், முதுகு நேராக இருக்க வேண்டும், பிறகு நிலத்தைக் காலால் தள்ள வேண்டும். மூன்றாம் நாள் 50 கிலோ போட்டோம். அது அவனுடைய உடம்புக்குப் பெரிய எடையே இல்லை, அவன் 82 கிலோ. அடுத்த நாள் காலை அக்கா போன் எடுத்து, "பெடியனுக்கு நாரி பிடிச்சுப் போட்டுது, குனியேலாமல் நிக்கிறான், நீ என்னடா செய்தனி?" என்று கேட்டாள்.

ஒரு கிழமையில் சரியாகிவிட்டது. தசை இறுகியதுதான், காலுக்குள் இழுக்கவோ மரத்துப் போகவோ இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் நான் இந்தக் கட்டுரைக்கு வந்திருக்க மாட்டேன், வைத்தியரிடம் போயிருப்பேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் என்ன செய்தேன்? நான் செய்கிற அதே முறையைத்தான் அவனுக்கும் காட்டினேன். ஜிம்மில் கேட்டால் ஆளுக்கொரு பதில். கோச் சொன்னார், "உவருக்கு உடம்பு நீட்டு, நீட்டு முதுகெண்டால் நாரியிலை பாரம் கூட விழும், ட்ராப் பாரிலை விடுங்கோ." இன்னொருவர், ட்ராப் பார் என்பது டெட்லிஃப்டே இல்லை, நேர் பாரில் பழகாதவன் கடைசி வரைக்கும் பழகமாட்டான் என்றார். உண்மையைச் சொன்னால் நானும் இந்த இரண்டாவது கட்சியில்தான் அதுவரை இருந்தேன். ட்ராப் பாரின் அறுகோணச் சட்டத்துக்குள்ளே நின்று பக்கத்தில் உள்ள கைபிடியைப் பிடித்துத் தூக்குவது லேசான வழி என்றுதான் நினைத்திருந்தேன்.

சரி, பெடியனின் நாரிக்காக என்று ட்ராப் பாரில் விட்டேன். அதிலே 44 கிலோவை அவன் வலி இல்லாமல் தூக்கினான். கோச் சொன்னதுதான் சரி என்று அன்றைக்கே விட்டிருக்கலாம். ஆனால் ஏன் சரி என்று எனக்கு விளங்கவில்லை. விளங்காததை அடுத்த பெடியனுக்கு எப்படிச் சொல்லுவது?

கவராயமும் வரைபுத்தாளும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டு விறாந்தையில் அவனைச் சுவரோடு நிற்க வைத்து அளந்தேன். பிறகு ஒரு முக்காலியில் சுவரோடு சாய்ந்து இருக்கச் சொல்லி, முக்காலிப் பலகையில் இருந்து உச்சந்தலை வரை அளந்தேன். சரியாக ஒரு மீற்றர். அதாவது 188இல் 100 இருந்தபடியே வந்துவிடுகிறது, பாதிக்கு மேலே நல்லாய்க் கூட. நெட்டை என்றால் கால் நீளம் என்றுதான் நாங்கள் நினைக்கிறோம், இவனுடைய உயரம் முழுக்க உடம்பிலே இருக்கிறது. தொடையின் பக்கத்தில் கையை வைத்துக் காலை ஆட்டச் சொன்னால் உருளுகிற எலும்பு ஒன்று தட்டுப்படும், இடுப்பு மூட்டு கிட்டத்தட்ட அந்த மட்டத்தில்தான் இருக்கிறது. அதிலிருந்து தோள்மூட்டு வரை 58. இடுப்பு மூட்டில் இருந்து முழங்கால் மூட்டு வரை 44. தோளில் இருந்து பொத்திப் பிடித்த கைக்குள் வரை 68. பிறகு என்னையும் அவனைக் கொண்டு அளப்பித்தேன். நான் 170 உயரம், உடம்பு 49, தொடை 42. கை மட்டும் 67. அவனை விடப் பதினெட்டு சென்ரிமீற்றர் கட்டையான எனக்கும் அவனுக்கும் கை நீளத்தில் ஒரே ஒரு சென்ரிமீற்றர்தான் வித்தியாசம்.

இதை வைத்து வரைபுத்தாளில் பத்துக்கு ஒன்று அளவில் இரண்டு ஆட்களைக் கீறினேன். சாதாரண தரக் கணிதத்தில் கவராயத்தால் முக்கோணி அமைத்த எவரும் இதைச் செய்யலாம். பார் எங்கே கிடக்கிறதோ அங்கே ஒரு புள்ளி. டெட்லிஃப்டில் தோள் பாருக்கு நேர் மேலே, கொஞ்சம் முன்னுக்கு இருக்கும். கை நேராகத் தொங்கும். ஆகவே பாரின் உயரத்தோடு கை நீளத்தைக் கூட்டினால் தோள் எவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று வந்துவிடும். கணைக்கால் பாரைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் முன்னே சரிந்திருக்கும், எனவே முழங்காலின் இடமும் தெரியும். இப்போது தோளில் கவராய முனையை வைத்து உடம்பு நீளத்துக்கு ஒரு வில், முழங்காலில் வைத்துத் தொடை நீளத்துக்கு ஒரு வில். இரண்டும் பின்பக்கம் வெட்டும் இடத்தில்தான் இடுப்பு இருந்தாக வேண்டும். முதுகு நேராக இருக்கிற வரைக்கும் வேறு இடம் கிடையாது. இடுப்பை உயர்த்து, இடுப்பைப் பதி என்று நாங்கள் கத்துகிறோமே, அதற்கு உடம்பு கொடுக்கிற இடம் இரண்டு விரல் அளவுதான்.

கீறுவதற்கு முன்னால் பாரின் உயரம் வேண்டும். பாரின் இரு முனையிலும் கொழுவுகிற ஒலிம்பிக் அளவுப் பிளேட்டின் விட்டம் 45 சென்ரிமீற்றர், ஆகவே பாரின் நடு நிலத்தில் இருந்து 22.5இல் இருக்கும். எல்லா வீடியோவிலும், எல்லாப் படத்திலும் அந்த உயரம்தான். நானும் 22.5 என்று எழுதிக் கீறினேன். மருமகனின் இடுப்பு 55இல் வந்தது, முழங்கால் 51இல். இடுப்பு முழங்காலை விட நாலே நாலு சென்ரிமீற்றர் மேலே. தாழ்வுதான், ஆனால் செய்யக்கூடியது. அப்படியென்றால் ஏன் நாரி பிடித்தது?

அடுத்த நாள் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு ஜிம்முக்குப் போனேன். எங்கள் ஜிம்மில் இருப்பவை பழைய இரும்புப் பிளேட்கள். 20 கிலோ பார், இரு பக்கமும் ஒரு 10, ஒரு 5. அப்படித்தான் அந்த 50 கிலோ வந்தது. அந்த 10 கிலோ பிளேட்டின் விட்டம் 30 சென்ரிமீற்றர். பார் கிடந்தது 22.5இல் இல்லை, 15இல். பதினொரு வருடமாக நான் அந்தப் பிளேட்களைக் கொழுவிக் கழற்றியிருக்கிறேன், ஒரு நாளும் அளந்ததில்லை.

வீட்டுக்கு வந்து 15 என்று போட்டுத் திரும்பக் கீறினேன். மருமகனின் இடுப்பு 47இல் விழுந்தது. முழங்கால் அதே 51. இடுப்பு முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதே 15இல் என்னைக் கீறினேன். என் முழங்கால் 48, இடுப்பு 58. பத்து சென்ரிமீற்றர் மேலே, ஒரு குறையும் இல்லாத தொடக்க நிலை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு கனநேரம் இருந்தேன். என்னை விட அவ்வளவு உயரமான பெடியனின் இடுப்பு, அதே பாரைப் பிடிக்கும்போது என்னுடையதை விடப் பதினொரு சென்ரிமீற்றர் தாழ்வாக இருக்க வேண்டும். நான் நின்ற மாதிரி நில் என்று அவனுக்குச் சொன்னேன். அவனுடைய எலும்புகளால் அது முடியாது. நீட்டு உடம்பும் கட்டைக் கையும் உள்ளவன் முதுகை வளைக்காமல் அந்தப் பாரைப் பிடிக்க வேண்டுமென்றால் கக்கூசில் குந்துகிற அளவுக்கு இறங்க வேண்டும், அங்கிருந்து பாரத்தைக் கிளப்பவும் வேண்டும்.

"நீட்டு முதுகு, நீட்டு நெம்பு" என்பது

கோச் சொன்ன காரணத்தையும் இதே தாளில் பார்த்தேன். விசையின் திருப்பம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, இடுப்புக்கும் நாரிக்கும் வருகிற வேலை எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பாரில் இருந்து இடுப்பு வரை உள்ள கிடைத் தூரம். முதுகு நீளமானால் அந்தத் தூரமும் கூடும் என்றுதான் எல்லாரும் நம்புகிறோம். கீறிப் பார்த்தால் மருமகனுக்கு 42, எனக்கு 39. உயரத்தில் இவ்வளவு வித்தியாசம் உள்ள இரண்டு பேருக்கு இடையில் மூன்றே சென்ரிமீற்றர். காரணம், அந்தத் தொடக்க நிலையில் தொடை கிட்டத்தட்ட நிலத்துக்குச் சமாந்தரமாகக் கிடக்கிறது, ஆகவே இடுப்பு எவ்வளவு பின்னுக்குப் போகும் என்பதைத் தொடையின் நீளம்தான் தீர்மானிக்கிறது. நீட்டு உடம்பு செய்வது வேறொன்று. இடுப்பைக் கீழே தள்ளுகிறது. முதுகு இன்னும் நிமிர்ந்து நிற்கும், முழங்கால் இன்னும் மடியும்.

புதிதாகப் பழகுகிற ஒருவனுக்கு அவ்வளவு மடிந்த முழங்காலில் இருந்து பாரத்தைக் கிளப்பப் பலம் இருக்காது. ஆகவே உடம்பு இரண்டு வழியில் தப்பப் பார்க்கும். ஒன்று, பார் அசைவதற்கு முன்னமே இடுப்பு மேலே பாய்ந்துவிடும். அப்போது தோள் பாரைத் தாண்டி நன்றாக முன்னே போய்விடும், கை பின்பக்கம் சரியும், பார் கணைக்காலை விட்டு முன்னே நழுவும். ஐந்து சென்ரிமீற்றர் நழுவினால் போதும், 42 இருந்த தூரம் 47 ஆகிவிடுகிறது. எடை கூட்டாமலே 50 கிலோ நாரிக்கு 56 கிலோ மாதிரி ஆகிவிடுகிறது. மற்றது, இறங்க முடியாத அந்த மிச்சத் தூரத்தை நாரியை வளைத்துச் சமாளிப்பது. அவன் இரண்டையும் செய்திருக்கிறான். அன்றைக்கு எடுத்த வீடியோவைத் திரும்பப் பார்த்தேன். பிளேட் நிலத்தை விட்டுக் கிளம்பும் கணத்தில் நிறுத்திப் பார்த்தால் இடுப்பு தொடங்கிய இடத்தில் இருந்து ஒரு சாண் மேலே நிற்கிறது, ரீசேட்டின் பின்பக்கம் நாரிக்கு மேலே ஆமை ஓடு மாதிரி வளைந்திருக்கிறது. நான் பக்கத்தில் நின்று "முதுகு, முதுகு" என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அதில் கேட்கிறது.

நீங்களும் பார்க்க வேண்டுமென்றால் போனை இடுப்பு உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில், ஏழெட்டு அடி தள்ளி வையுங்கள். முன்னுக்கிருந்தோ சரிவாகவோ எடுத்த வீடியோவில் இது தெரியாது. பார்க்க வேண்டியது அந்த ஒரே ஒரு கணத்தை. இடுப்பு முதலில் போகிறதா, பிளேட்டும் இடுப்பும் சேர்ந்து போகின்றனவா?

ட்ராப் பார் உண்மையில் என்ன செய்தது

இந்தச் சட்டத்தை 1980களில் அமெரிக்காவில் அல் ஜெரார்ட் என்ற பவர்லிஃப்டர் உண்டாக்கினார். எங்கள் ஜிம்மில் உள்ளது ஊர் வெல்டிங் கடையில் செய்தது. தராசில் வைத்தால் 24 கிலோ. ட்ராப் பாரை 20 என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு எடை. இதிலே இரண்டு சோடிக் கைபிடி இருக்கிறது. கீழ்க் கைபிடி பிளேட்டின் நடு உயரத்திலேயே இருக்கும், அதாவது நேர் பார் கிடக்கிற அதே உயரம். மேல் கைபிடி எங்களுடையதில் அதற்கு 10 சென்ரிமீற்றர் மேலே. மருமகன் பிடித்தது மேல் கைபிடியை. 15உம் 10உம் 25.

அதாவது, ட்ராப் பார் நாரியைக் காப்பாற்றிவிட்டது என்று நாங்கள் எல்லாரும் சொன்ன அந்த நாளில் அவன் கை இருந்த உயரம், சரியான பிளேட் போட்ட நேர் பாரின் உயரத்தை விட இரண்டரை சென்ரிமீற்றர்தான் கூட. நாங்கள் இரண்டு பாரை ஒப்பிடவில்லை. 15ஐயும் 25ஐயும் ஒப்பிட்டிருக்கிறோம். இதுதான் என்னை உறுத்திக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் பிடிபட்டது.

சுன்னாகத்தில் ஒரு மரக்காலைக்குப் போய் மூன்றங்குலத் தடிப்புப் பலகை இரண்டு அறுப்பித்தேன். மூன்றங்குலம் என்பது கிட்டத்தட்ட ஏழரை சென்ரிமீற்றர். 15உம் ஏழரையும் சரியாக 22.5. பலகையின் முன்விளிம்பிலும் பின்விளிம்பிலும் ரீப்பை அடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பிளேட் உருண்டு பார் காலில் வந்து விழும். மேலே பழைய ரப்பர் துண்டு. அதன் மேல் நேர் பாரை வைத்து வெறும் 40 கிலோ போட்டு அவனைத் தூக்கச் சொன்னேன். பயந்தான்.

"மாமா, திரும்ப நாரி பிடிச்சால் அம்மா என்னை இஞ்சை விடமாட்டா."

"பிடிச்சால் பாரை விட்டிடு. அஞ்சு தரம் இல்லை, ஒருதரம் மட்டும் தூக்கு."

தூக்கினான். வீடியோவில் இடுப்பும் பிளேட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே கிளம்பின. நாரி வளையவில்லை. அடுத்த நாள் நானே போன் எடுத்துக் கேட்டேன், வலி இல்லை. அதே பெடியன், அதே நேர் பார், மாறியது ஒரு பலகைத் தடிப்பு மட்டும்.

அப்படியென்றால் ட்ராப் பாருக்குத் தனியாக ஒரு நன்மையும் இல்லையா? இருக்கிறது, ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை. நேர் பார் கணைக்காலுக்கு முன்னால் கிடக்கிறது, ஆகவே முழங்கால் முன்னே வர இடமில்லை. ட்ராப் பாரில் முன்னால் மறிக்க ஒன்றுமில்லை, கைபிடி உடம்பின் இரு பக்கத்திலும் இருக்கிறது. முழங்கால் ஒரு மூன்று சென்ரிமீற்றர் முன்னே போகலாம், தோளும் நேர் பாரில் போலப் பாரைத் தாண்டி நிற்காமல் கைபிடிக்கு நேர் மேலே வந்துவிடும். கீறிப் பார்த்தால் 42 இருந்த தூரம் 39 ஆகக் குறைகிறது. பெரிய அற்புதம் இல்லை, ஆனால் ஒவ்வொரு முறை தூக்கும்போதும் நாரிக்குக் குறைகிற வேலை. 2011இல் சுவின்ரனும் அவரோடு இருந்த ஆய்வாளர்களும் 19 பவர்லிஃப்டர்களை இரண்டு பாரிலும் தூக்க வைத்து அளந்ததும் இதே பக்கம்தான் காட்டியது. அறுகோணப் பாரில் நாரியிலும் இடுப்பிலும் திருப்பம் குறைந்தது, முழங்காலில் கூடியது. அவர்கள் எல்லாரும் பழகிய ஆண்கள், புதியவர்கள் இல்லை என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் வடிவகணிதம் ஒன்றுதானே.

அந்த "முழங்காலில் கூடியது" என்பதுதான் நீட்டு உடம்புக்காரனுக்குப் பொறி. முழங்கால் முன்னே போனால் இடுப்பு இன்னும் கீழே இறங்கும். 25 உயர மேல் கைபிடியில் மருமகனைக் கீறினால் இடுப்பு 50, முழங்காலும் 50. ஏற்கெனவே தாழ்வான இடுப்பு உள்ளவனை ட்ராப் பார் இன்னும் குந்த வைக்கிறது! இரண்டாம் கிழமை இதை நேரிலும் பார்த்தேன். 54 கிலோவில் நாரி சுகம், ஆனால் குதி லேசாக நிலத்தை விட்டு எழும்பியது, முழங்கால் விரல் நுனியைத் தாண்டி முன்னே போனது, ஐந்தாவது தரத்தில் தொடை நடுங்கியது. டெட்லிஃப்ட் இல்லை, கையில் எடை பிடித்த ஸ்குவாட். கீழ்க் கைபிடியைப் பிடித்திருந்தால் இன்னும் மோசம், பார் அப்போது 15இல். நெட்டையான ஆளை ட்ராப் பாருக்கு அனுப்பிவிட்டு எந்தக் கைபிடி, எந்தப் பிளேட் என்று பார்க்காமல் விடுவது அரை வைத்தியம்.

அதே மரப் பலகையை ட்ராப் பாருக்குக் கீழேயும் போட்டேன். கைபிடி 32.5க்கு வந்தது. இடுப்பு 57க்கு ஏறியது, தூரம் 38 ஆகச் சுருங்கியது. அன்றைக்குத்தான் அவன் முதல்முறையாக, "மாமா, இப்பத்தான் பின்தொடையிலை பிடிக்குது" என்றான். நான் அவனுக்கு ஒரு மாதமாக விளங்கப்படுத்த முயன்றது அதுதான்.

ஆறு கிழமை

கிழமைக்கு இரண்டு நாள், மூன்று செட், ஒவ்வொன்றிலும் ஐந்து தரம். பலகை போட்ட பிறகு திரும்ப 44இல் இருந்தே தொடங்கினோம். ஒவ்வொரு நாளும் பக்கத்துக்கு இரண்டரை, மொத்தம் ஐந்து கிலோ கூட்டல். கூட்டுவதற்கு ஒரே நிபந்தனை, கடைசி செட்டின் ஐந்தாவது தரத்து வீடியோவில் இடுப்பு முந்தக்கூடாது, குதி எழும்பக்கூடாது. 79இல் ஒருநாள் முந்தியது, அடுத்த நாளும் அதே எடையிலேயே நின்றோம். ஆறாம் கிழமையின் இரண்டாம் நாள் 94 கிலோ மூன்று செட்டும் வந்தது.

ட்ராப் பாரில் எனக்குப் புதிதாகத் தெரிந்த ஒரு பிழையும் இருக்கிறது. நேர் பார் கணைக்காலில் உரசிக்கொண்டு போவதால் அதற்கு ஒரு வழி இருக்கிறது. ட்ராப் பாருக்கு அப்படி ஒன்றும் இல்லை, அந்தரத்தில் முன்னும் பின்னும் ஊஞ்சல் ஆடும். கைபிடியின் நடுவில் பிடிக்காமல் ஒரு விரல் முன்னே பிடித்தால் சட்டத்தின் பின்பக்கம் சரியும், பின்னே பிடித்தால் முன்பக்கம் சரியும். எங்கள் வெல்டிங் கடைப் பாரில் கைபிடியின் நடுவும் சட்டத்தின் நடுவும் ஒன்றில்லை. எடை போட்டு ஒரு விரலில் தூக்கிப் பார்த்து, சமநிலையாக நிற்கிற இடத்தில் கறுப்பு ரேப் சுற்றினோம். பொத்திப் பிடித்த கை ரேப்புக்கு முன்னும் பின்னும் சமமாக வர வேண்டும். கழற்றி ஒட்ட ஐந்து நிமிடம் போகாது, ஆனால் அதற்குப் பிறகு அவன் நடுவில் தடுமாறவே இல்லை.

நேர் பாரை நாங்கள் கைவிடவில்லை. ஒவ்வொரு இரண்டாவது நாளும் ட்ராப் பார் முடிந்த பிறகு பலகையின் மேல் நேர் பார், 22.5இல், இரண்டு செட் மட்டும், லேசான எடையில். 2016இல் கமாராவும் கூட்டாளிகளும் 20 ஆண்களின் தசைகளில் மின்சைகை அளந்தபோது பின்தொடைக்கும் முதுகுத்தண்டை நிமிர்த்தும் தசைக்கும் நேர் பாரில் வேலை கூடவாகவும், முன்தொடைக்கு அறுகோணப் பாரில் கூடவாகவும் வந்தது. பாய்கிற பெடியனுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் எது முதலில் என்று இப்போது யாராவது என்னைக் கேட்டால், நீட்டு உடம்பும் கட்டைக் கையும் உள்ள புதியவருக்கு ட்ராப் பார், மேல் கைபிடி, சின்னப் பிளேட் என்றால் கீழே பலகை என்று தயங்காமல் சொல்லுவேன். உயரம் சரியாக இருந்தால் நேர் பாரிலும் தொடங்கலாம்தான், ஆனால் அதில் பார் நழுவினால் நாரி உடனே விலை கொடுக்கும். ட்ராப் பார் அந்தளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். பவர்லிஃப்டிங் போட்டிக்குப் போக நினைக்கிறவருக்கு மட்டும் கதை வேறு. மேடையில் நேர் பார்தான், பலகையும் கிடையாது. ஆனால் மேடையில் உள்ள பிளேட் 45 சென்ரிமீற்றர் என்பதையும் நினைவில் வையுங்கள். எங்கள் ஜிம்மில் நிலத்தில் இருந்து இழுக்கிற 15 போட்டி மேடையின் வழமையான உயரம் இல்லை. அது யாருக்கும் கடமை இல்லை.

அளக்க நேரமில்லை என்கிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி. பார் கிடக்கிற உயரத்தில் ஒரு தும்புத்தடியைப் பிடித்து, கணைக்காலோடு ஒட்டி, முதுகு நேராக வைத்துக்கொண்டு தொடக்க நிலைக்கு வரச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்து இன்னொருவர் பார்க்கட்டும். இடுப்பு முழங்காலுக்கு மேலே ஒரு நாலு சென்ரிமீற்றராவது இல்லையென்றால் பாரை உயர்த்த வேண்டும். காலின் கீழே எதையாவது வைத்து ஆளை உயர்த்தாதீர்கள், அப்படிச் செய்தால் பார் இன்னும் தாழ்ந்துவிடும். ஒருமுறை ஒரு பெடியன் அப்படிச் செய்துகொண்டு நின்றதைப் பார்த்துத்தான் இதையும் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை மருமகன் பலகையின் மேல் நேர் பாரில் 70 கிலோ ஐந்து தரம் தூக்கினான். வீடியோவை அவனே நிறுத்தி நிறுத்திப் பார்த்தான், நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு பலகையைக் கழற்றி நிலத்தில் இருந்து ஒருக்கால் இழுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டான். வரைபுத்தாளை எடுத்து அந்த 47ஐத் திரும்பக் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "அப்ப பெரிய பிளேட் ஒரு சோடி வாங்கினால் பலகையே தேவையில்லையே மாமா" என்றான். 45 சென்ரிமீற்றர் ரப்பர் பிளேட், பத்து கிலோவில் ஒரு சோடி. கோச்சிடம் கேட்டிருக்கிறேன், கொழும்பில் விலை விசாரித்துச் சொல்லுவதாகச் சொன்னார்.